புக்கிங் இரத்தானால் ஈஆர்பியில் செய்யவேண்டியது என்ன?

கட்டிமுடியாத தொடர்மாடி வீட்டை விற்கும் நிறுவனத்தின் கணக்கில் பெரிய குழப்பம் வருவது, வாங்கியவர் பாதியில் விலகும்போதுதான். கல்லடியில் ஒரு வீட்டை 180 இலட்சம் ரூபாவுக்கு ஒருவர் புக் பண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடன்படிக்கை எழுதும்போது 10 வீதம், அத்திவாரம் முடிந்ததும் 20, முதலாம் சிலாப், இரண்டாம் சிலாப், பூச்சுவேலை ஒவ்வொன்றுக்கும் 20, சாவி கொடுக்கும்போது மிச்சம் 10 என்பது தவணை.

நிறுவனத்தின் விற்பனையையும் கணக்கையும் ஒன்றாகப் பதியும் மென்பொருளான ஈஆர்பியில் இந்தத் தவணைகளைத் திகதிக்குக் கட்டிவைக்கக் கூடாது. ஒக்டோபரில் மழை தொடங்கினால் கிழக்கில் தை மாதம் வரை கொங்கிரீட் வேலை இழுபடும். நவம்பர் 15 என்று போட்டுவைத்த இன்வொய்ஸ், கம்பி கட்டி முடியாத சிலாப்புக்கும் தானாகவே போய்விடும். தள இன்ஜினியர் கையெழுத்திட்ட சான்றிதழை இணைத்து, வேலை முடிந்ததாகப் பதிந்த பிறகுதான் இன்வொய்ஸ் உருவாக வேண்டும். சிலாப் முழுக் கட்டடத்துக்கும் ஒன்று என்பதால் ஒரே பதிவில் எல்லா வீடுகளுக்கும் இன்வொய்ஸ் போகலாம். பூச்சுவேலையை மட்டும் வீடு வீடாகப் பதியுங்கள்.

இனி நம் ஆளிடம் வருவோம். முதலாம் சிலாப் வரை அவருக்கு 18, 36, 36 என்று 90 இலட்சத்துக்கு இன்வொய்ஸ் போயிருக்கிறது. முதல் 18 இலட்சத்தைத் தன் காசில் கட்டினார். அத்திவாரத்துக்கான 36 இலட்சத்தை வங்கி கடனாக விடுவித்தது. சிலாப்புக்கு 10 இலட்சம்தான் கட்டினார், 26 இலட்சம் பாக்கி. இந்த நிலையில் வீடு வேண்டாம் என்கிறார். உடன்படிக்கைப்படி விலையில் 5 வீதமான 9 இலட்சத்தை நிறுவனம் பிடிக்கலாம். கட்டிய 64 இலட்சத்தில் அது போக 55 இலட்சம் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

பல அலுவலகங்களில் 55 இலட்சத்துக்கு ஒரு வவுச்சர் போட்டு, புக்கிங்கில் அவருடைய பெயரை எடுத்துவிட்டுப் புது ஆளின் பெயரைப் போடுகிறார்கள். இதுதான் பெரிய பிழை. ஏற்கெனவே இருந்த 26 இலட்சம் பாக்கியோடு இந்த 55 இலட்சமும் சேர்ந்து, விலகிப்போனவர் நமக்கு 81 இலட்சம் தரவேண்டியவராக லெட்ஜரில் நிற்பார். பழைய ரிசீட்டுகளோ புது ஆள் கட்டியதுபோலத் தெரியும்.

செய்யவேண்டியது வேறு. மூன்று இன்வொய்ஸுக்கும் தனித்தனியாக, அந்தந்த இன்வொய்ஸ் இலக்கத்தோடு கிரெடிட் நோட் போடுங்கள். 90 இலட்சமும் கழிந்ததும் அவர் கட்டிய 64 இலட்சம் நாம் கொடுக்கவேண்டிய காசாக லெட்ஜரில் வரும். பிறகு பிடித்துக்கொள்ளும் 9 இலட்சத்துக்கு ஒரு இன்வொய்ஸ், அடுத்து 55 இலட்சம் திருப்பிக் கொடுத்த பதிவு. இப்போது மீதி பூச்சியம். பூச்சியம் வராவிட்டால் எங்கோ ஒரு ஆவணம் விடுபட்டிருக்கிறது, தேடுங்கள். கிரெடிட் நோட் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதையும் பாருங்கள். தவணை இன்வொய்ஸ் போட்ட உடனே அது வருமானமாகிவிடுவதில்லை. இன்னும் வருமானமாகாததால் ஒப்பந்தப் பொறுப்புக் கணக்கில் வைத்த தொகையை அதே கணக்கிலிருந்துதான் கழிக்கவேண்டும்.

55 இலட்சத்துக்கும் ஒரே காசோலையை வாடிக்கையாளர் பெயரில் எழுதிவிடாதீர்கள். வங்கியிடம் கடன் மீதிக் கடிதம் வாங்குங்கள். மீதி 36 இலட்சம் என்றால் அது வங்கிக்கு, 19 இலட்சம் அவருக்கு. வட்டி ஏறியிருந்தால் வங்கியின் பங்கு கூடும், அவருடையது குறையும். ஒவ்வொரு ரிசீட்டிலும் காசு கட்டியவர் யார் என்பதை அன்றே பதிந்திருந்தால் இந்த வேலை சுலபம்.

வீட்டை எப்போது மறுபடி விற்பனைக்கு விடுவது? விலகல் கடிதம் வந்த அன்றே ‘காலி’ என்று மாற்றினால் விற்பனைப் பிரிவு அடுத்த நாளே இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்கிவிடும். காணி விற்பனை உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதிய ஆவணம், 1840 இன் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. ஆகவே இரத்தையும் நொத்தாரிசு மூலமே எழுதி, பழையது காணிப் பதிவகத்தில் பதிவாகியிருந்தால் இதையும் பதிந்துவிடுங்கள். அதுவரை ‘இரத்து நிலுவையில்’ என்றொரு இடைநிலை வேண்டும். பழைய புக்கிங்கை அழிக்காமல், அதில் மிஞ்சிய 50 வீதத் தவணைகளை அன்றே மூடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் சிலாப் பதிவானதும் போனவருக்கும் 36 இலட்சத்துக்கு இன்வொய்ஸ் போகும்.

புது ஆளுக்குப் புது புக்கிங் இலக்கம். அத்திவாரமும் முதலாம் சிலாப்பும் முடிந்துவிட்டதால் அவற்றுக்கு இனி யாரும் சான்றிதழ் பதியப்போவதில்லை. வழமையான தவணை அட்டவணையை அப்படியே போட்டால் அந்த 40 வீதம் இன்வொய்ஸ் ஆகாமலே கிடந்து, சாவி கொடுக்கும் நேரத்தில்தான் தெரியவரும். முடிந்த கட்டங்களின் தொகையை உடன்படிக்கைத் தவணையோடு சேர்த்து, 50 வீதமும் முதல் நாளிலேயே கட்டவேண்டியது என்று அவருடைய உடன்படிக்கையிலும் ஈஆர்பியிலும் ஒரேமாதிரி எழுதிவிடுங்கள்.