முடிவுறு, படி: தருக்கத்தில் இரண்டு சொற்கள்

‘முடிவுறு கணம்’ என்பதில் வரும் முடிவு, ஓரத்தையோ எல்லையையோ குறிப்பதில்லை. 0 முதல் 1 வரையுள்ள எண்கோட்டுத் துண்டுக்கு இரண்டு முனைகளும் உண்டு. ஆனாலும் அதிலுள்ள புள்ளிகள் முடிவுறாக் கணம். உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனால், எண்ணும் வேலை ஓர் இடத்தில் முடிவை உறுமா என்பதுதான் இங்கே கேள்வி. இலத்தீனில் எல்லை என்று பொருள்படும் ‘ஃபினிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்த ‘ஃபைனைட்’ என்ற ஆங்கிலச் சொல்லில் இந்தக் குழப்பம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. தமிழில் ‘உறு’ என்ற வினை சேர்ந்திருப்பதால், செயல் ஒன்று நிறைவடைவதைச் சொல் தானே காட்டிவிடுகிறது. அதனால் ‘முடிவுள்ள’ என்பதைவிடத் தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘முடிவுறு’ எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இலங்கையில் கணத்தைத் ‘தொடை’ என்பார்கள், கருத்து மாறுவதில்லை.

அடுத்த சொல்லில்தான் சிக்கல் கூடுதல். ஆங்கிலத்தில் ‘ஃபர்ஸ்ட் ஆர்டர் லாஜிக்’ எனப்படுவதில் உள்ள ‘ஆர்டர்’, வரிசை எனப் பொருள்படும் இலத்தீன் ‘ஓர்டோ’விலிருந்து வந்தது. அதை அப்படியே எடுத்தால் ‘முதல் வரிசைத் தருக்கம்’ கிடைக்கும். இதே துறையில் உறுப்புகளைச் சிறிது பெரிதென அடுக்கும் ஒழுங்குக்கும் வரிசை என்றே பெயர். கீழே வரும் சான்றே அப்படி ஒரு வரிசைதான். ஒரே பத்தியில் ஒரே சொல் இரு பொருளில் வந்தால் வாசகர் தடுமாறுவார். ‘முதல்தரத் தருக்கம்’ என்றாலோ உயர்ந்த சரக்கு என்ற எண்ணம் வந்துவிடும். ஜெர்மானியர் இதற்கு ‘ஷ்டூஃப’ என்கிறார்கள். அதன் நேர்ப்பொருள் மாடிப்படியின் படி. கோட்லோப் ஃப்ரேகே 1890களிலேயே முதற்படிச் சார்பு, இரண்டாம்படிச் சார்பு என்று பிரித்துப் பேச இந்தச் சொல்லையே பயன்படுத்தினார். கருத்தும் படி ஏறுவதுதான்: கீழே தனித்தனிப் பொருள்கள், ஒரு படி மேலே அப்பொருள்களின் கணங்கள், உறவுகள், சார்புகள், அதற்கும் மேலே கணங்களின் கணங்கள். ஆகவே இங்கே முதற்படித் தருக்கம், இரண்டாம்படித் தருக்கம் என்றே எழுதுகிறேன்.

முதற்படித் தருக்கத்தில் ‘எல்லா’ (∀), ‘ஏதேனும் ஒன்று’ (∃) என்ற குறிகள் தனிப்பொருள்களின் மேல் மட்டுமே ஓடும். ‘எல்லா x-க்கும்’ எனலாம். ‘எல்லாக் கணம் X-க்கும்’ எனக்கூடாது. இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளும் எண்ணிக்கையைப் பற்றி நிறையச் சொல்ல முடியும். குறைந்தது மூன்று பொருள்கள் உண்டு என்பதை இப்படி எழுதலாம்:

```
∃x∃y∃z ( x≠y ∧ x≠z ∧ y≠z )
```

இதை λ₃ எனக் கொள்வோம். இதே முறையில் λ₄, λ₅ என எந்த எண்ணுக்கும் எழுதலாம். λ₃ உண்மை, λ₄ பொய் என்றால் சரியாக மூன்று. λ₁, λ₂, λ₃ … அனைத்தையும் ஒன்றாகக் கோரினால் முடிவுறாக் கணங்கள் மட்டுமே தேறும். ஆக ‘மூன்று’ சொல்லலாம், ‘ஆயிரம்’ சொல்லலாம், முடிவுறாமையையும் முடிவுறா எண்ணிக்கையிலான வாக்கியங்களைக் கொண்டு சொல்லலாம். எத்தனை என்று குறிப்பிடாமல், ‘ஏதோ ஓர் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது’ என்று மட்டும் சொல்ல முயன்றால் தருக்கம் கைவிரிக்கிறது.

காரணம், கச்சிதப் பண்பு எனப்படும் தேற்றம். பொருள்களின் கணம் ஒன்றையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் சேர்த்து அமைப்பு என்போம்; வாக்கியங்கள் அதில் உண்மையானால் அது அவற்றை நிறைவேற்றுகிறது. ஒரு வாக்கியத் தொகுப்பின் முடிவுறு பகுதி ஒவ்வொன்றுக்கும் அதை நிறைவேற்றும் அமைப்பு ஒன்று இருந்தால், முழுத் தொகுப்பையும் ஒருசேர நிறைவேற்றும் அமைப்பும் இருக்கும். குர்ட் கோடல் 1930இல் வெளியிட்ட முழுமைத் தேற்றத்தோடு சேர்ந்து வந்தது இது. ஏன் உண்மை என்பதை எளிதாகப் பார்க்கலாம். எந்த அமைப்பும் நிறைவேற்ற முடியாத தொகுப்பிலிருந்து ஒரு முரண்பாட்டை நிரூபிக்க முடியும் என்கிறது முழுமைத் தேற்றம். நிரூபணம் எவ்வளவு நீண்டாலும் அதற்குக் கடைசி வரி உண்டு. ஆகவே அது தொகுப்பிலிருந்து முடிவுறு எண்ணிக்கையிலான வாக்கியங்களைத்தான் எடுத்தாண்டிருக்கும். அந்தச் சிறு பகுதியே முரண்பட்டதாகிவிடும்.

இப்போது φ என்ற முதற்படி வாக்கியம் முடிவுறு அமைப்புகளில் மட்டும், அவை எல்லாவற்றிலும், உண்மையாகிறது என்று வைத்துக்கொள்வோம். φ-ஐயும் எல்லா λ-க்களையும் சேர்த்து ஒரு தொகுப்பு ஆக்குவோம். அதிலிருந்து முடிவுறு பகுதி ஒன்றை எடுத்தால் அதிலுள்ள மிகப் பெரிய λ, எடுத்துக்காட்டாக λ₁₀₀₀. ஆயிரம் உறுப்புகள் கொண்ட கணம் அந்தப் பகுதி முழுவதையும் நிறைவேற்றும். எந்தப் பகுதியை எடுத்தாலும் இப்படித்தான். ஆகவே கச்சிதப் பண்பின்படி முழுத் தொகுப்பையும் நிறைவேற்றும் அமைப்பு ஒன்று உண்டு. எல்லா λ-க்களும் அதில் உண்மை, எனவே அது முடிவுறாதது. φ-யும் அதில் உண்மை, எனவே அது முடிவுறுவது. இந்த முரண், φ என்று ஒன்று இல்லை எனக் காட்டுகிறது. φ-க்குப் பதில் முடிவுறா எண்ணிக்கையில் வாக்கியங்களை வைத்தாலும் இதே வாதம் செல்லும்.

இதைக் கேட்டபின்னும் கை சும்மா இருக்காது. ஏதாவது தந்திரத்தால் எழுதிவிடலாமே என்று தோன்றும். பலரும் முதலில் எழுதிப் பார்ப்பது இது: உறுப்புகள் ஒரே கோட்டில் வரிசையாக நிற்கின்றன; முதல் உறுப்பு உண்டு, கடைசி உறுப்பு உண்டு; கடைசியைத் தவிர ஒவ்வொன்றுக்கும் உடனடுத்தது உண்டு; முதலாவதைத் தவிர ஒவ்வொன்றுக்கும் உடன்முந்தியது உண்டு. முதலில் தொடங்கி அடுத்தது, அடுத்தது என்று நடந்தால் கடைசிக்குப் போய்த்தானே ஆகவேண்டும்? இந்த வரிசையைப் பாருங்கள்:

```
0, 1, 2, 3, …        …, −3, −2, −1
```

இடப்பக்கம் இயல் எண்கள் முழுவதும். அவை எல்லாவற்றுக்கும் வலப்புறம் குறை எண்கள். 0 முதலாவது, −1 கடைசி. 57-க்கு அடுத்தது 58. −57-க்கு முந்தியது −58. எழுதிய நிபந்தனை ஒன்றும் தவறவில்லை. ஆனால் 0-இலிருந்து எத்தனை அடி வைத்தாலும் வலப்பக்கத்தை எட்ட முடியாது. இன்னும் சில நிபந்தனைகளைச் சேர்த்தாலும் பயனில்லை. ∀, ∃ குறிகள் ஒன்றுக்குள் ஒன்றாக n ஆழம் வரை போகும் எந்த வாக்கியமும், 2ⁿ−1 அல்லது அதற்கு மேல் உறுப்புகள் கொண்ட முடிவுறு வரிசையையும் இந்த வரிசையையும் வேறுபடுத்தாது. ஆழம் 3 என்றால் 7 உறுப்புகளே போதும்; ஆழம் 10 என்றால் 1023.

குறை எங்கே இருக்கிறது என்பதும் இந்தப் படத்தில் தெரிகிறது. இடப்பக்கப் பாதியைத் தனிக் கணமாக எடுத்தால் அதற்குக் கடைசி உறுப்பு இல்லை. முடிவுறு வரிசையில் இப்படி ஒரு கணம் அமையவே அமையாது. முதற்படித் தருக்கத்தால் அந்தப் பாதியைச் சுட்டிக்காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு படி ஏறி, கணங்களின் மேலும் ∀ ஓடலாம் என்று அனுமதித்தால் குறை தீர்கிறது. R என்பது பொருள்களை ஒரே கோட்டில் அடுக்கும் உறவாக இருக்கட்டும். வெறுமையல்லாத ஒவ்வொரு கணத்துக்கும் முதலும் கடைசியும் வேண்டும் என்று கோருவோம்:

```
∀X ( ∃x X(x) →
     ∃y ( X(y) ∧ ∀z (X(z) → y=z ∨ R(y,z)) ) ∧
     ∃y ( X(y) ∧ ∀z (X(z) → y=z ∨ R(z,y)) ) )
```

R ஒரே கோட்டில் அடுக்குகிறது என்ற நிபந்தனையையும் இதோடு இணைத்து, ‘இப்படி ஓர் R உண்டு’ என்று முன்னால் ∃R சேர்த்தால், முடிவுறு என்பது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். ரிச்சர்ட் டெடெகின்ட் 1888இல் தந்த வரையறை இன்னும் சுருக்கமானது: ஒன்றுக்கொன்றான சார்பு எதுவும் முழுக்கணத்தையும் நிரப்பியே தீரும் என்றால் கணம் முடிவுறுவது.

```
∀f ( ∀x∀y (f(x)=f(y) → x=y) → ∀y∃x f(x)=y )
```

இது வழக்கமான பொருளோடு ஒத்துப்போக, வெறுமையல்லாத கணங்கள் எத்தனை இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பை ஒருசேரத் தேர்ந்தெடுக்கலாம் என்னும் தேர்வு எடுகோளின் உதவி கொஞ்சம் வேண்டும். மேலே உள்ள வரிசை வரையறைக்கு அது வேண்டாம்.

இந்த வலிமைக்கு விலை உண்டு. மேலே உள்ள வாக்கியத்தோடு எல்லா λ-க்களையும் சேர்த்துப் பாருங்கள். முடிவுறு பகுதி ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு முடிவுறு கணம் நிறைவேற்றுகிறது. முழுத் தொகுப்பை எதுவும் நிறைவேற்றாது. ஆக, கச்சிதப் பண்பு போய்விட்டது. அதோடு நிரூபணத்தின் முழுமையும் போகிறது. இந்தத் தொகுப்பை எந்த அமைப்பும் நிறைவேற்றாததால், முழுமையான நிரூபண விதிகள் இருந்தால் இதிலிருந்து முரண்பாடு வரவேண்டும். அந்த நிரூபணம் ஒரு முடிவுறு பகுதியையே பயன்படுத்தியிருக்கும். ஆனால் அப்பகுதியை நிறைவேற்றும் கணம் நம் கையில் இருக்கிறது. கோடலின் 1931 முழுமையின்மைத் தேற்றம் இன்னும் கடுமையாக அடிக்கிறது: எந்த அமைப்பிலும் உண்மையாகும் இரண்டாம்படி வாக்கியங்களை மட்டும் ஒன்றுவிடாமல் பட்டியலிட்டுக்கொண்டே போகும் இயந்திர முறை எதுவும் கிடையாது.

என் பார்வையில் இதைவிடப் பெரிய விலை வேறு. ‘எல்லாக் கணங்களும்’ என்று சொன்ன நொடியிலேயே, எவ்வளவு கணங்கள் உள்ளன என்ற கேள்வி தருக்கத்துக்குள் நுழைந்துவிடுகிறது. இயல் எண்களின் அளவுக்கும் மெய்யெண்களின் அளவுக்கும் நடுவில் வேறோர் அளவு இல்லை என்பது கேண்டரின் தொடரகக் கருதுகோள். அது உண்மையானால் மட்டுமே எல்லா அமைப்புகளிலும் உண்மையாகும் இரண்டாம்படி வாக்கியம் ஒன்றை எழுத முடியும். வழக்கமான கணக் கோட்பாட்டின் எடுகோள்கள் அக்கருதுகோளை மறுக்கமாட்டா என்று கோடல் 1938இல் காட்டினார். நிரூபிக்கவும் மாட்டா என்று பால் கோஹன் 1963இல் காட்டினார். ஆக, ஒரு வாக்கியம் வெறும் தருக்கத்தாலேயே உண்மையா என்று கேட்டால், தீராத கணக் கோட்பாட்டுச் சிக்கல் ஒன்றில் போய் நிற்கிறோம்.

விலையைக் குறைக்க ஒரு வழி உண்டு. லியோன் ஹென்கின் 1950இல் X எல்லாக் கணங்களின் மேலும் ஓடவேண்டாம் என்றார். வாக்கியங்களால் வரையறுக்கக்கூடிய கணங்களையாவது உள்ளடக்கிய ஒரு தொகுதியின் மேல் ஓடினால் போதும். முழுமையும் கச்சிதமும் திரும்பி வருகின்றன. ஆனால் மேலே பார்த்த வரிசையின் இடப்பாதி போன்ற கணங்களை அந்தத் தொகுதி விட்டுவிடலாம். விட்டுவிட்டால் முடிவுறா அமைப்பும் முடிவுறுவதாகத் தேர்ச்சி பெறுகிறது. கச்சிதம் வேண்டுமென்றால் முடிவுறு என்பதை விடத்தான் வேண்டும். ஆகவே ‘இரண்டாம்படித் தருக்கம்’ என்று எழுதும்போது X ஓடுவது எல்லாக் கணங்களின் மேலா, ஹென்கின் தொகுதியின் மேலா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சொல் ஒன்றாக இருந்தாலும் அவை இரண்டு தருக்கங்கள்.