மழை வாரத்திலும் தெளியாத தூக்கம்

குலசேகரம், திருவட்டாறு பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் "பகலில் தூக்கம் வருகிறதா?" என்று கேட்டுப் பெரிய பலன் இல்லை. ரப்பர் பால் வெட்ட விடியுமுன்னே எழுகிறவருக்குப் பகலில் கண் சொக்கத்தான் செய்யும். அதனால் நான் வேறு விதமாகக் கேட்பேன்: அடைமழையில் வெட்டு இல்லாமல், காலை ஏழு மணி வரை தூங்கும் வாரத்திலும் இப்படித்தானா? தூக்கம் போதாததால் வந்த அசதி என்றால், அநேகமாக அந்த வாரம் தெளிந்துவிடும். தெளியவில்லை என்றால் தூக்கத்திலேயே கோளாறு இருக்கலாம்.

46 வயதுக்காரர் ஒருவர் தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்தார். எழுந்ததும் தலையின் இரு பக்கமும் அழுத்துமாம். ஒன்பது மணிக்குள் தானாகவே போய்விடுமாம். இரண்டு பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் 150-க்குக் கீழே வரவில்லை. ஆள் ஒல்லிதான், ஆனால் கீழ்த்தாடை சிறியது. இப்படிப்பட்டவர்களுக்கும் தூக்கத்தில் மூச்சு அடைபடலாம் என்பதை, குண்டாக இல்லை என்பதாலேயே நாம் யோசிக்காமல் விட்டுவிடுகிறோம்.

மழை வாரத்திலும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன் என்றார். குறட்டை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மனைவியைக் கேட்டேன். "குறட்டை திடீர்னு நின்னுடும் சார். வயிறு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு வராது. அப்புறம் ஒரு பெரிய இழுப்பு. பயந்து உலுக்கி விடுவேன்" என்றார். பாதி நோயறிதல் அந்த அம்மா சொன்னதிலேயே இருந்தது. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, கரியமில வாயு கூடலாம். மூளை அரைகுறையாக விழித்துப் பாதையைத் திறக்கிறது. காலைத் தலைவலியும் அடங்காத பிரஷரும் இதன் தொடர்ச்சியாக இருக்கலாம்.

இதுதான் ஸ்லீப் ஆப்னியா. குறட்டை விடும் எல்லோருக்கும் இது கிடையாது. சத்தமான குறட்டையோடு மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருந்தாலோ, பகல் தூக்கமும் காலைத் தலைவலியும் சேர்ந்திருந்தாலோ சோதித்துப் பார்க்க வேண்டும்.

அவருக்கு வீட்டிலேயே ஓரிரவு சோதனை: விரலில் ஆக்சிஜன் அளவி, மூக்கில் சிறு குழாய், நெஞ்சில் பட்டை. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு தடைபட்டால் ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு ஐந்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு, முப்பதைத் தொட்டால் கடுமை. அவருக்கு 34. வீட்டுச் சோதனை சிலரிடம் கோட்டைவிடும். சந்தேகம் பலமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் ஓரிரவு முழுச் சோதனை தேவை.

சி-பேப் என்ற காற்றழுத்தக் கருவியும் மூக்கு மாஸ்க்கும் கொடுத்தோம். முதல் வாரம் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் பட, கழற்றி வைத்துவிட்டார். அளவு மாற்றியதும் சரியானது. தலைவலிதான் முதலில் போனது. பிரஷர் கொஞ்சம்தான் இறங்கியது, இதில் அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். அந்த மாத்திரைகளை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொன்னது, அசதிக்காக அவராக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த தூக்க மாத்திரையை. அது தொண்டையை இன்னும் தளர்த்தும். இரவில் குடிப்பதும் அப்படித்தான். தூக்கம் தெளியும்வரை பைக்கை மகன் ஓட்டட்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.