முடிசூடியபோது சிவாஜிக்கு வயது 44ஆ, 47ஆ?

சத்ரபதி சிவாஜி ராய்கட் கோட்டையில் முடிசூடியது 1674 ஜூன் 6. அந்த விழாவுக்கு வந்திருந்த ஆங்கிலேயத் தூதர் ஹென்றி ஆக்சன்டனின் குறிப்புகளும் மராத்தி ஏடுகளும் இதில் ஒத்துப்போகின்றன. பிறந்த நாளில்தான் சிக்கல். ஒரு மரபு, சகம் என்ற பழைய இந்திய ஆண்டுக்கணக்கில் 1549 வைசாக மாதம் என்கிறது, அதாவது கி.பி. 1627 ஏப்ரல். இன்னொன்று சகம் 1551 பால்குண மாதத் தேய்பிறைத் திருதியை என்கிறது, அதாவது 1630 பிப்ரவரி 19. முடிசூடியபோது வயது 44ஆ 47ஆ, முதல் மனைவி சயீபாயை மணந்தபோது பத்தா பதிமூன்றா என்ற கேள்விகள் இதிலிருந்தே கிளம்புகின்றன.

முதல் வேலை, ஏடுகளை எண்ணாமல் எடை போடுவது. 1627ஐச் சொல்பவை பெரும்பாலும் 'பகர்' எனப்படும் மராத்தி வரலாற்று உரைநடைகள். அவற்றில் பல, முடிசூட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டவை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால் பத்து ஏடும் ஒரே சாட்சிதான். ஆண்டில் ஒத்துப்போகும் அவை திதியில் பிசகுகின்றன: சில வளர்பிறை இரண்டு என்கின்றன, சில ஐந்து என்கின்றன. எதிர்ப்பக்கம் சிவாஜியின் காலத்திலேயே பரமானந்தர் எழுதிய 'சிவபாரதம்' என்ற சமஸ்கிருதக் காவியம் இருக்கிறது. ஜேதே குடும்பத்தார் வைத்திருந்த 'ஜேதே சகாவளி' என்ற ஆண்டுக்குறிப்பும் இருக்கிறது. சகாவளியை பால கங்காதர திலகர் 1916இல் அச்சில் வெளியிட்டபிறகுதான் 1630 வலுப்பெற்றது.

இனி தேதியையே சோதிக்கலாம். சகாவளி ஆண்டை எண்ணால் மட்டும் சொல்லவில்லை, 'சுக்ல' என்ற பெயரையும் சேர்த்துத் தருகிறது. இது நம் பஞ்சாங்கத்திலும் உள்ள அதே அறுபதாண்டுச் சுழற்சி. 1989 ஏப்ரலில் தொடங்கிய தமிழ் ஆண்டு சுக்ல. அதிலிருந்து ஆறு சுழற்சி, அதாவது 360 ஆண்டு, பின்னால் போனால் 1629-30. சகம் 1551உடன் சரியாகப் பொருந்துகிறது. முடிசூட்டு ஆண்டான சகம் 1596க்கு ஏடுகள் தரும் பெயர் 'ஆனந்த'. சுக்ல மூன்றாவது, ஆனந்த நாற்பத்தெட்டாவது, இடையில் 45 ஆண்டு. 1596லிருந்து 1551ஐக் கழித்தாலும் 45தான். ஆனால் சகம் 1549இன் பெயரான 'பிரபவ'வும் இதேபோல் சரியாகவே விழும். ஆகவே இந்தச் சோதனை எழுத்துப்பிழையைக் காட்டிக்கொடுக்குமே தவிர, இரண்டு மரபுகளில் எது சரி என்று சொல்லாது.

இங்கே வழக்கமாக ஒரு பிழை நடக்கும். சகத்தோடு 78ஐக் கூட்டினால் கி.பி. என்று பாடமாக வைத்திருப்பவர்கள் 1551ஐ 1629 ஆக்கிவிடுவார்கள். சக ஆண்டு சைத்திரத்தில், மார்ச்-ஏப்ரல் வாக்கில், பிறக்கிறது. பால்குணம் அதன் கடைசி மாதம். அது வருவதற்குள் ஆங்கில ஆண்டு மாறிவிடுவதால் கூட்டவேண்டியது 79. ஆனி, ஆடி வாக்கில் வரும் நிகழ்வுக்கு 78 சரி. முடிசூட்டு அப்படிப்பட்டது: 1596 + 78 = 1674.

உண்மையான உரைகல் கிழமைதான். சகாவளி வெள்ளிக்கிழமை என்கிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியின் 1630 பிப்ரவரி 19, இன்றைய கிரிகோரியன் நாட்காட்டியில் மார்ச் 1. இரண்டிலும் கிழமை ஒன்றே, அது வெள்ளி. எழுதுபவர் திதியைக் கற்பனை செய்திருந்தால் கிழமை தற்செயலாகப் பொருந்த ஏழில் ஒரு வாய்ப்புதான். சந்திரனின் நிலையைக் கணக்கிட்டால் அன்று காலையில் துவிதியை, நண்பகலை ஒட்டித் திருதியை தொடங்குகிறது. சூரிய உதயத்தில் உள்ள திதியே அந்த நாளின் திதி என்று பிடிவாதமாக நின்றால் கணக்கு ஒரு நாள் தள்ளி சனிக்கிழமைக்குப் போகும், 'பொருந்தவில்லை' என்று தூக்கிப்போட்டுவிடுவோம். ஆனால் பிறப்புக் குறிப்பில் பிறந்த வேளையில் நடக்கும் திதியை எழுதுவது வழக்கம். சிவபாரதம் சொல்வது இரவுப் பிறப்பு. முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

சகாவளி தரும் அஸ்த நட்சத்திரமும் அன்று பொருந்துகிறது. இதைத் தனிச் சான்றாக எண்ணிவிடக் கூடாது. பால்குணத் தேய்பிறைத் திருதியை என்றாலே சந்திரன் அஸ்தத்துக்கு அக்கம்பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். கிழமை அப்படி அல்ல, அது திதிக்குக் கட்டுப்படாமல் ஓடுகிறது.

ஜோத்பூரில் கிடைத்த ஜாதகத் தொகுப்பொன்றிலும் இந்தப் பிறப்பு இருக்கிறது: வடக்கே வழங்கும் விக்கிரம ஆண்டுக்கணக்கில் 1686, பால்குணத் தேய்பிறை 3, வெள்ளி. வடக்கே மாதம் பௌர்ணமியோடு முடியும், தக்காணத்தில் அமாவாசையோடு. வடநாட்டு முறையில் படித்தால் இதே சொற்கள் ஒரு மாதம் முன்னால், ஜனவரிக்குப் போய்விடும். அங்கே அந்தத் திதி புதன், வியாழனை ஒட்டித்தான் விழுகிறது, வெள்ளியில் அல்ல. ஆக எழுதியவர் தக்காண முறையையே அப்படியே வைத்திருக்கிறார். இது தேதியை உறுதிசெய்கிறது. ஆனால் தகவல் தக்காண ஏடொன்றிலிருந்தே அவருக்குப் போயிருக்கலாம் என்பதால், முழுக்கத் தனியான சாட்சியாக நான் இதைக் கொள்ளமாட்டேன்.

முடிசூட்டுத் தேதியிலும் ஒரு நாள் இடறும். சகாவளி 'வெள்ளிக்கிழமை, இரவு மூன்று நாழிகை மீதமிருக்க' சிம்மாசனம் ஏறினார் என்கிறது. மூன்று நாழிகை என்பது 72 நிமிடம். நம் வழக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குவதால் அந்த விடியற்காலை இன்னும் வெள்ளிதான். ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவு தாண்டிவிட்டது, ஆகவே சனி, ஜூன் 6. இரு பக்கமும் சொல்வது ஒரே வேளையைத்தான்.

இப்போது கழிக்கலாம். இரு தேதிகளையும் ஒரே நாட்காட்டியில் வைக்க வேண்டும், இதுதான் நிபந்தனை. ஜூலியனில் 1630 பிப்ரவரி 19 முதல் 1674 ஜூன் 6 வரை 44 ஆண்டு, 3 மாதம், 18 நாள். கிரிகோரியனில் மார்ச் 1 முதல் ஜூன் 16 வரை என்று வைத்தாலும் மொத்தம் அதே 16,178 நாள். ஒன்றை மாற்றி மற்றதை மாற்றாமல் விட்டால் பத்து நாள் பிசகும். மகாராஷ்டிரத்தில் இன்று பிறந்தநாளை பிப்ரவரி 19இல் கொண்டாடுவதும் மாற்றாமல் விட்ட ஜூலியன் தேதிதான்.

நிறைந்த வயது 44. நடக்கும் வயதைச் சொல்லும் நம் ஊர் வழக்கில் 45. ஏடொன்று '45ஆம் வயதில்' என்றும் இன்னொன்று '44 வயதில்' என்றும் எழுதினால் அதை முரண்பாடாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். திருமணத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 1640 மே 16ஐ எடுத்துக்கொண்டால் நிறைந்த வயது 10, நடப்பது 11. 1627 மரபில் அது 13 ஆகும். பத்து வயதில் கல்யாணமா என்று தயங்கி 1627ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அந்தக் காலக் குடும்பங்களில் இரண்டு வயதும் நடந்தவைதான். அதோடு, கண்டுபிடிக்க வேண்டிய வயதையே சான்றாக வைத்துப் பிறந்த ஆண்டைத் தீர்மானித்தால் கணக்கு தன்னையே சுற்றிவரும்.