ஹைப்போ கேனில் எழுதியிருக்கும் 12 சதவீதம் எத்தனை நாளைக்கு?

மருத்துவமனைத் தரை துடைப்பதிலிருந்து மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலப்பது வரை எல்லாவற்றுக்கும் வந்து இறங்குவது அந்த நீல கேன்தான். லேபிளில் 12 சதவீதம் என்றிருக்கும். கேன் மூன்று மாதமாகக் கொட்டகையில் கிடந்திருந்தாலும், அளவு ஊற்றுபவர் 12 என்றே கணக்குப் போடுவார். உள்ளே இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் அதற்குள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருக்கக்கூடும். எவ்வளவு குறைந்திருக்கும் என்பதைச் சொல்வது அந்தச் சிதைவின் வினைவகை. பிளஸ் டூவில் மனப்பாடம் செய்த மூன்று சமன்பாடுகளுக்கு இதைவிட நேரான பயன் கிடைப்பது அரிது.

(ஓர் எச்சரிக்கை: ஆய்வகத்தில் "ஹைப்போ" என்றால் சோடியம் தயோசல்பேட். வார்டிலும் தண்ணீர்த் தொட்டியிலும் "ஹைப்போ" என்றால் ஹைப்போகுளோரைட். முன்னது குளோரினைக் கொல்வது, பின்னது குளோரினைக் கொடுப்பது. இரண்டு பாட்டிலிலும் முழுப் பெயரை எழுதி வையுங்கள்.)

முதலில் சமன்பாடுகள். C₀ என்பது தொடக்கச் செறிவு, C என்பது t நேரத்துக்குப் பின் மிஞ்சியது, k வேக மாறிலி, t½ செறிவு பாதியாக எடுக்கும் அரை வாழ்காலம்.

```
பூஜ்ய வகை     : C = C₀ − kt          t½ = C₀ / 2k
முதல் வகை     : ln C = ln C₀ − kt    t½ = 0.693 / k
இரண்டாம் வகை : 1/C = 1/C₀ + kt      t½ = 1 / (k C₀)
```

மூன்றும் y = mx + c வடிவம்தான். C, ln C, 1/C ஆகிய மூன்றையும் நேரத்துக்கு எதிரே வரைந்தால் எது நேர்கோடாக வருகிறதோ அதுவே வினைவகை. விதி இவ்வளவுதான். ஆனால் நடைமுறையில் மூன்றுமே நேர்கோடு போலத் தெரிந்து ஏமாற்றும். எப்படி என்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம்.

ஹைப்போகுளோரைட் தானாகச் சிதையும்போது உப்பும் குளோரேட்டும் உண்டாகின்றன: 3 OCl⁻ → 2 Cl⁻ + ClO₃⁻. மூன்று அயனிகள் இருப்பதால் மூன்றாம் வகை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மெதுவாக நடக்கும் முதல் படியில் இரண்டு OCl⁻ அயனிகள் மோதி குளோரைட் உண்டாகிறது. அந்தக் குளோரைட்டை அடுத்த OCl⁻ உடனே குளோரேட்டாக்கிவிடுகிறது. மெதுவான படியே வேகத்தைத் தீர்மானிப்பதால் இது இரண்டாம் வகை வினை.

கீழே உள்ள எண்கள் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்ட மாதிரி. கரைசல் ஒரே வெப்பநிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் லிட்டருக்கு 120 கிராம் குளோரின், அதாவது 12 சதவீதம்.

| நாள் | C (கி/லி) | ln C | 1/C |
|---|---|---|---|
| 0 | 120 | 4.787 | 0.00833 |
| 15 | 96 | 4.564 | 0.01042 |
| 30 | 80 | 4.382 | 0.01250 |
| 60 | 60 | 4.094 | 0.01667 |
| 90 | 48 | 3.871 | 0.02083 |
| 120 | 40 | 3.689 | 0.02500 |

முதல் மாதத்தோடு அளப்பதை நிறுத்திவிட்டதாக வைத்துக்கொள்வோம். கையில் மூன்று புள்ளிகள். C-க்குக் கோடு போட்டால், புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டுகின்றன என்று சொல்லும் R² 0.987; முழுதாக ஒட்டினால் அது 1. ln C-க்குப் போட்டால் 0.997. பெரும்பாலானோர் இங்கேயே "முதல் வகை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இப்போது இதே மூன்று புள்ளிகளை நம்பி 120-ஆம் நாளைக் கணித்துப் பாருங்கள். பூஜ்ய வகை என்றால் சுமார் 89-ஆம் நாளிலேயே கேன் வெறும் உப்புத் தண்ணீர். முதல் வகை என்றால் 120-ஆம் நாளில் ஏறக்குறைய 24 கிராம். உண்மையில் இருப்பது 40. ஒரே தரவு, மூன்று கோடுகள், மூன்று வேறு விடைகள்.

இதற்குக் காரணம் எளியது. செறிவு மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. அந்தச் சிறிய துண்டில் மூன்று வளைகோடுகளும் ஏறத்தாழ ஒட்டியே போகும். அவை பிரிந்து தெரிய வேண்டுமானால் குறைந்தது ஓர் அரை வாழ்காலத்தைத் தாண்ட வேண்டும். முடிந்தால் இரண்டு. செறிவு கால்வாசிக்கு வரும்வரை அளந்தால் வாதத்துக்கே இடமிருக்காது.

R² என்ற எண்ணையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. ஆறு புள்ளிகளையும் சேர்த்து ln C-க்குக் கோடு போட்டாலும் 0.978 வருகிறது. அறிக்கையில் பார்க்க அழகான எண்தான். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எந்தப் பக்கம் விலகுகிறது என்று பாருங்கள்: முதல் புள்ளி கோட்டுக்கு மேலே, நடுவில் உள்ள நான்கும் கீழே, கடைசி மறுபடி மேலே. அளவீட்டுப் பிழை என்றால் மேலும் கீழுமாகச் சிதறியிருக்க வேண்டும். இப்படி வரிசையாக நிற்பது வளைவின் அடையாளம். அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே சரிவைக் கணக்கிட்டாலும் இதுவே தெரியும். ln C-யின் சரிவு நாளுக்கு 0.0149-இல் தொடங்கி 0.0061-க்கு இறங்குகிறது. 1/C-யின் சரிவோ எல்லா இடைவெளியிலும் 0.000139 தான். அதுவே k, அலகு லிட்டர்/(கிராம்·நாள்).

வரைபடத் தாளே இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. அடுத்தடுத்த அரை வாழ்காலங்களை ஒப்பிடுங்கள். பூஜ்ய வகையில் ஒவ்வொரு முறையும் பாதியாகும். முதல் வகையில் மாறாது. இரண்டாம் வகையில் இரட்டிக்கும். நம் அட்டவணையில் 120 கிராம் 60 ஆக 60 நாள். 96 கிராம் 48 ஆக, 15-ஆம் நாளிலிருந்து 90 வரை, 75 நாள். 80 கிராம் 40 ஆக 90 நாள். தொடக்கச் செறிவு குறையக் குறைய அரை வாழ்காலம் நீள்கிறது. செறிவையும் நாளையும் பெருக்கினால் மூன்றிலும் 7200. இந்தப் பெருக்கல் மாறாமல் நின்றால் அது இரண்டாம் வகை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை உண்மையைக் கேனைக் கையாளும் பலரும் கவனிப்பதில்லை. கேன் வந்த அன்றே சம அளவு நல்ல தண்ணீர் சேர்த்து 60 கிராமாக நீர்த்து வைத்தால், அதன் அரை வாழ்காலம் 120 நாள். 60 நாள் கழித்து அதில் லிட்டருக்கு 40 கிராம் இருக்கும். கொள்ளளவு இரட்டிப்பு என்பதால், பழைய ஒரு லிட்டருக்கு 80 கிராம் மிஞ்சிய கணக்கு. நீர்க்காமல் வைத்த கேனில் 60 தான். நீர்க்கும்போது கரைசலின் உப்புத்தன்மையும் குறைவதால் k-யும் சற்று இறங்கும். ஆதாயம் இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். முதல் வகை வினையாக இருந்திருந்தால் நீர்த்ததால் இந்த ஆதாயம் கிடைத்திருக்காது. ஒன்று மட்டும் கவனம்: நீர்க்கும் தண்ணீரில் இரும்பும் செம்பும் இருக்கக் கூடாது. நீர்த்த பிறகு pH 11-க்குக் கீழே போகவும் கூடாது. போனால் சிதைவு வேகமெடுக்கும்.

இனி அளக்கும் முறை. 10 மி.லி. மாதிரியை 250 மி.லி. ஆக நீர்த்து, அதிலிருந்து 10 மி.லி. எடுங்கள். முதலில் ஒரு கிராம் அளவு பொட்டாசியம் அயோடைடு, அதன் பிறகே அசிட்டிக் அமிலம். இந்த வரிசை மாறினால் குளோரின் வாயுவாக வெளியேறி மூக்கையும் எரிக்கும், விடையையும் குறைக்கும். விடுபடும் அயோடினை 0.1 N தயோசல்பேட்டால் தரம் பாருங்கள். நிறம் வைக்கோல் மஞ்சளுக்கு வெளுத்த பின்புதான் ஸ்டார்ச். முன்பே விட்டால் அயோடினைப் பிடித்து வைத்துக்கொண்டு முடிவுப் புள்ளியை இழுத்தடிக்கும். தயோசல்பேட் ஒவ்வொரு மி.லி.க்கும் 3.546 மி.கி. குளோரின். 120 கிராம் கரைசலுக்கு சுமார் 13.5 மி.லி. செலவாகும், 40 கிராமுக்கு 4.5 மி.லி.

அந்த 4.5-இல்தான் சிக்கல். பியூரெட்டில் 0.1 மி.லி. தவறாகப் படித்தால் இரண்டு சதவீதத்துக்கு மேல் பிழை. அதோடு 1/C எடுக்கும்போது சின்ன எண்களின் பிழை ஊதிப் பெருகும். C-யில் ஒரு கிராம் தவறு 120-இல் நடந்தால் 1/C 0.00007 அசையும், 40-இல் நடந்தால் 0.00063, ஒன்பது மடங்கு. கோட்டின் சரிவை அதிகம் இழுப்பதும் அந்தக் கடைசிப் புள்ளிதான். ஆகவே செறிவு குறையக் குறைய மாதிரியைக் கூடுதலாக எடுங்கள். 10-க்குப் பதில் 25 மி.லி. எடுத்தால் தயோசல்பேட் செலவு 11 மி.லி.க்கு மேல் வரும். கடைசிப் புள்ளிக்கும் மற்றவற்றுக்கு நிகரான நம்பகம் கிடைக்கும்.

இதே குளோரின் தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமாகக் கலந்த பிறகு கதை மாறுகிறது. அங்கே அது தன்னோடு தானே மோதுவதில்லை, தண்ணீரில் உள்ள கரிமப் பொருள்களோடு மோதுகிறது. அந்தக் குறைவை வழக்கமாக முதல் வகையாகவே கணக்கிடுகிறார்கள். Ln C நேர்கோடு தரும். கேனில் கண்ட k-யைத் தொட்டிக்குக் கொண்டுபோக முடியாது. வினைவகை பொருளுக்குச் சொந்தமானதல்ல, அது நடக்கும் சூழலுக்குச் சொந்தமானது. பூஜ்ய வகை வேண்டுமானால் ஆஸ்பிரின் தொங்கலைப் பாருங்கள்: கரைந்த பகுதி சிதையச் சிதைய, கரையாத துகள் கரைந்து அந்த இடத்தை நிரப்புவதால் கரைசலின் செறிவு மாறுவதில்லை, வேகமும் மாறுவதில்லை. துகள் தீர்ந்த நாளில் அதுவும் முதல் வகைக்கு மாறிவிடும்.

கேனுக்குத் திரும்புவோம். சில கேன்களில் 1/C கோடும் நேராக வராது. கீழ்நோக்கி வளைந்தால் பெரும்பாலும் வெப்பநிலை இறங்கியிருக்கும்: மே மாதத்தில் தொடங்கி மழைக்காலத்தில் முடித்த சோதனையில் k ஒன்றே இருக்க வழியில்லை. அதனால் சோதனைக்குக் கொட்டகைக் கேனையே பயன்படுத்தாமல், நிறப்பாட்டில்களில் சிறிது சிறிதாகப் பிரித்து, ஒரே வெப்பநிலை உள்ள அடுப்புப் பெட்டியில் வையுங்கள். மேல்நோக்கி வளைந்தால் இரண்டாம் வகைச் சிதைவோடு இன்னொரு வழியும் சேர்ந்து ஓடுகிறது என்று பொருள். நிக்கலோ செம்போ துளி கலந்திருந்தால் ஹைப்போகுளோரைட் ஆக்சிஜனைக் கக்கிச் சிதையும். வரைபடம் போடும் முன்பே இதைக் கண்டுகொள்ளலாம்: கேனின் பக்கங்கள் உப்பியிருக்கும், மூடியைத் திருகும்போது உஸ்ஸென்று காற்று வரும். அந்தக் கேனுக்கு மேலே உள்ள கணக்கு பொருந்தாது. அன்றன்று தரம் பார்த்தே ஊற்ற வேண்டும்.