கொலை வழக்கின் பாய்வுப்படம்: நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது?

குற்றவியல் நடைமுறைத் தாளில் விசாரணைக் கட்டங்களைப் படமாக வரையச் சொன்னால், பலர் முதல் தகவல் அறிக்கையிலேயே விசாரணையைத் தொடங்கிவிடுகிறார்கள். அது புலனாய்வு. குற்றச்சாட்டு வனையப்படும்போதுதான் விசாரணை தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்துவிட்டு வரையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, கொலை வழக்கு ஒன்றின் படம் இப்படி அமையும்:

கைது → 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் ஆஜர்
↓
குற்றப்பத்திரிகை (90 நாள்)
↓
ஆவண நகல் வழங்கல் (எதிரி ஆஜரான நாளிலிருந்து 14 நாள்)
↓
அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைப்பு (90 நாள், காரணம் எழுதினால் 180 வரை)
↓
விடுவிப்பு மனு (ஒப்படைத்த நாளிலிருந்து 60 நாள்)
════════
குற்றச்சாட்டு வனைதல் (அதற்கான முதல் வாய்தாவிலிருந்து 60 நாள்)
↓
அரசுத் தரப்புச் சாட்சிகள் → எதிரியிடம் கேள்விகள் (பிரிவு 351) → எதிர்த்தரப்புச் சாட்சிகள் → வாதம்
↓
தீர்ப்பு (வாதம் முடிந்து 30 நாள், காரணம் எழுதினால் 45 வரை)

இவற்றில், தாண்டினால் உடனே பலன் தரும் கெடு குற்றப்பத்திரிகைக்கு உரியதுதான். மரண தண்டனை, ஆயுள், அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் தாக்கல் செய்யாவிட்டால் எதிரிக்குக் கட்டாய ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கிறது. வழக்கின் பலம் பலவீனம் அங்கே பேச்சே இல்லை.

மதிப்பெண் போவது நாள் கணக்கில்தான். பிப்ரவரி 28 இரவு கைது, மார்ச் 1 அன்று நடுவர் காவலுக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். கைதான நாள் கணக்கில் வராது; காவலுக்கு அனுப்பிய நாள் வரும். 2023-இல் கபில் வாத்வான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்தது. எனவே மார்ச் 1 முதல் நாள், மே 29 தொண்ணூறாம் நாள். மே 30 காலையில் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் உரிமை வந்துவிட்டது. ஆனால் மனுவை உடனே போட வேண்டும். மனுவுக்கு முன்பே காவல்துறை குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். நேற்றே போட்டிருக்கலாமே என்று நீதிமன்ற வராந்தாவில் வருந்திப் பயனில்லை.

மற்ற கெடுக்கள் தவறினால் வழக்கு தானாக முடிந்துவிடாது. ஆகவே 'தீர்ப்பு 45 நாளைத் தாண்டினால் எதிரி விடுதலை' என்று எழுதிவிடாதீர்கள். கோட்டுக்கு மேலே வழக்கிலிருந்து வெளியேறினால் அது விடுவிப்பு. சாட்சியம் முழுவதும் பார்த்தபின் வெளியேறினால் விடுதலை. விடுவிப்பு சாட்சியம் கேட்டுத் தீர்ந்த முடிவல்ல என்பதால், புதிய ஆதாரம் கிடைத்தால் வழக்கு திரும்பலாம்; விடுதலை நிலைத்திருக்கும்வரை அதே குற்றத்துக்கு மறு விசாரணை கிடையாது.

குற்றவாளி என்று தீர்ப்பானால் படத்தில் இன்னும் ஒரு பெட்டி வேண்டும். தண்டனையின் அளவு குறித்து எதிரியிடம் கேட்ட பிறகே நீதிபதி தண்டனை விதிப்பார். பெரும்பாலான விடைத்தாள்களில் அந்தப் பெட்டியே இருப்பதில்லை.