ரேடியேட்டர் சூட்ல கரண்ட் எடுக்கறேன்னு வந்த டப்பா

கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்கு வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ போவேன், பாய்லரயும் ஜெனரேட்டரயும் பாத்து எங்க எரிபொருள் வீணாகுதுன்னு சொல்றதுதான் நம்ம பொழப்பு. போன சீசன்ல, பெங்களூரா மாங்கா லாரி லாரியா வந்து இறங்கிட்டிருந்த நேரம், மொதலாளி கூப்பிட்டு ஒரு நோட்டீஸ நீட்டினார். "சார், இத மாட்டினா ஜெனரேட்டர் ரேடியேட்டர்ல வீணா போற சூடு முழுக்க கரண்டாயிடுமாம், 100 கிலோவாட் சும்மா கெடைக்குதாம், அட்வான்ஸ் கேக்கறாங்க, குடுக்கலாமா?"

நோட்டீஸ்ல ஒரு படம் போட்டிருந்தாங்க. ஒரு பெரிய டப்பா. இஞ்சின்ல இருந்து சுடுதண்ணி உள்ள போக ஒரு பைப்பு, தண்ணி திரும்ப இஞ்சினுக்கு வர இன்னொரு பைப்பு, பக்கத்துல கரண்ட் வர்ற கேபிள். அவ்ளோதான். அந்த படத்த பாத்ததுமே எனக்கு பதில் தெரிஞ்சு போச்சு, ஆனா ஏன்னு அவருக்கு சொல்லி புரிய வெக்க அரை நாள் ஆச்சு. கூடவே ட்ரெய்னிங்குக்கு வந்திருந்த டிப்ளமோ பையன் ஒருத்தன் நின்னுட்டிருந்தான், அவனும் மெக்கானிக்கல்தான், அவனே "நல்ல ஐடியாதானே சார்"ன்னான். அதான் இத எழுதறேன்.

மொதல்ல அந்த ஜெனரேட்டர் கணக்க பாத்துடலாம். அன்னிக்கு 180 கிலோவாட் லோடுல ஓடிட்டிருந்தது, மணிக்கு 50 லிட்டர் டீசல் குடிக்குது. ஒரு லிட்டர் டீசல எரிச்சா வர்ற வெப்பம் ஏறக்குறைய 10 யூனிட். அப்போ உள்ள போறது 500 கிலோவாட், கரண்டா வெளிய வர்றது 180, அதாவது நூத்துக்கு 36. இந்த சைஸ் ஜெனரேட்டருக்கு இது மோசமே இல்ல. மிச்சம் 320ல சுமாரா 120 ரேடியேட்டர் தண்ணி வழியா போகுது, அதவிட கொஞ்சம் கூடுதலா சைலன்சர் வழியா போகுது, மீதி இஞ்சின் ஒடம்பு, ஆல்டர்னேட்டர்னு அங்கங்க சிதறுது. ரேடியேட்டர் முன்னாடி போய் நின்னீங்கன்னா மூஞ்சில அடிக்குதே அந்த அனல், அதுதான் அந்த 120.

இப்போ டப்பாக்காரர் என்ன சொல்றார்? 120 கிலோவாட் வெப்பம் உள்ள வருது, 100 கிலோவாட் கரண்டா தரேன், 20 லாஸ்ல போயிடும்ங்கறார். இதுல பாருங்க, சக்திய புதுசா உருவாக்க முடியாதுங்கற வெப்ப இயக்கவியலோட மொதல் விதிப்படி ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது. இல்லாத சக்திய உருவாக்கறேன்னு அவர் சொல்லல, வந்தத விட கம்மியாத்தான் தரேங்கறார். அதனாலதான் படிச்சவங்களே ஏமாறுறாங்க. மொதல் விதி மட்டும் தெரிஞ்சவனுக்கு இந்த நோட்டீஸ் சுத்தமா நேர்மையான நோட்டீஸ்.

பையன்கிட்ட கேட்டேன், வெப்பம் முழுசா ஏன் வேலையா மாறாதுன்னு. "உராய்வு சார், லாஸ் சார்"ன்னான். பர்ஸ்ட் இயர் பசங்க பத்துல எட்டு பேர் சொல்ற பதில் இதுதான், இது தப்பு. உராய்வே இல்லாத, ஒரு சொட்டு கசியாத, கனவுல வர்ற மாதிரி ஒரு இஞ்சின் செஞ்சாலும் முழுசா மாறாது. காரணம் வேற எடத்துல இருக்கு. ஒரு சைக்கிள் பம்ப எடுத்து வெச்சு சொன்னேன், அத இங்கயும் சொல்றேன்.

ஒரு சிலிண்டர்ல காத்த அடைச்சு மேல பிஸ்டன். அத 327 டிகிரி சூட்டு மேல வெக்கறோம், கெல்வின்ல சொன்னா 600. சூட்ட வாங்கிட்டே, அதே 600ல நின்னுட்டே, காத்து மெதுவா விரிஞ்சு பிஸ்டன தள்ளுது. இதுல ஒரு விசேஷம், காத்தோட சூடு மாறலேன்னா அதோட உள் சக்தியும் மாறாது, அதனால வாங்கின வெப்பம் பூரா வேலையாயிடும். 100 கிலோ ஜூல் வாங்கினா 100 கிலோ ஜூல் வேலை. ஆமா, நூத்துக்கு நூறு! பையன் கண்ணு விரிஞ்சிருச்சு, "அப்போ முடியும்தானே சார்?"

ஒரே ஒரு தடவ முடியும். பிஸ்டன் இப்போ மேல போய் நிக்குது, காத்து விரிஞ்சு கெடக்கு. இஞ்சின்னா சுத்திக்கிட்டே இருக்கணும்ல, அப்போ பிஸ்டன் பழைய எடத்துக்கு வரணும், காத்த திரும்ப அமுக்கணும். அதே 600 சூட்லயே அமுக்கினா எவ்ளோ வேலை குடுக்கணும்? அதே 100. வந்தது 100, குடுத்தது 100, கையில மிஞ்சினது சைபர். அமுக்கறப்போ வர்ற வெப்பமும் வாங்கின எடத்துக்கே திரும்ப போயிடும். இஞ்சின் சுத்தும், ஒண்ணும் சம்பாதிக்காது.

சம்பாதிக்கணும்னா ஒரே வழி, சூடா இருக்கறப்போ விரிய விட்டு, ஆறினப்புறம் அமுக்கணும். ஆறின காத்து அவ்ளோ மொரண்டு பண்ணாது, அழுத்தம் கம்மி. 27 டிகிரிக்கு, அதாவது 300 கெல்வினுக்கு, ஆற வெச்சு அமுக்கினா பாதி வேலைதான் ஆகும், 50 கிலோ ஜூல். (600ல இருந்து 300க்கு ஆற வெக்கறப்போ வெளிய வர்ற சூட்ட ஒரு கம்பி வலைல தேக்கி வெச்சு திரும்ப சூடாக்கறப்போ குடுத்துடலாம், ஸ்டர்லிங்னு ஒரு பாதிரியார் 1816லயே இதுக்கு பேட்டண்ட் வாங்கிட்டார், அதனால அந்த கணக்க நாம விட்டுடலாம்.) வந்தது 100, குடுத்தது 50, மிச்சம் 50 நமக்கு. ஆனா குளிர்ந்த காத்த அமுக்கறப்போ அது சூடேறிடாம 300லயே வெச்சிருக்கணும்ல, அதுக்கு அந்த 50 கிலோ ஜூல் வெப்பத்த வெளிய இருக்கற பச்சத்தண்ணிக்கு தள்ளித்தான் ஆகணும். இந்த தள்ளுற வெப்பம் இருக்கே, இது லாஸ் இல்ல, கசிவு இல்ல. பிஸ்டன பழைய எடத்துக்கு கொண்டு வர்றதுக்கு நாம கட்டுற சுங்கம், தொப்பூர் டோல்கேட் மாதிரி, கட்டாம வண்டி போகாது.

சுங்கம் எவ்ளோன்னா, குளிர்ந்த பக்கத்த சூடான பக்கத்தால வகுத்தா வர்ற பங்கு. 300ஐ 600ஆல வகுத்தா பாதி. சுங்கமே இருக்கக்கூடாதுன்னா குளிர்ந்த பக்கம் சைபர் கெல்வின்ல இருக்கணும், அந்த மாதிரி எடம் எங்கயும் இல்ல. அதனால அதிகபட்சம் எடுக்கக்கூடிய பங்கு இதுதான், Tc குளிர்ந்த பக்கத்து சூடு, Th சூடான பக்கத்து சூடு, ரெண்டும் கெல்வின்ல போடணும்:

`1 - Tc/Th`

பிரான்ஸ்ல சாடி கார்னோங்கறவர் 1824லயே இந்த விஷயத்த பிடிச்சுட்டார், நீராவியா காத்தாங்கறது முக்கியமில்ல, ரெண்டு பக்கத்து சூடும்தான் முக்கியம்னு. அவர் இத தண்ணி விழறதோட ஒப்பிட்டார். நம்ம ஒகேனக்கல்ல தண்ணி விழுதுன்னா மேல ஒரு மட்டம் கீழ ஒரு மட்டம் இருக்கறதாலதான், ரெண்டும் ஒரே மட்டம்னா எவ்ளோ தண்ணி இருந்தாலும் ஒரு சக்கரமும் சுத்தாது. ஒப்பீடு நல்லாத்தான் இருக்கு, ஒரு எடத்துல மட்டும் ஏமாத்தும்: அருவில விழுந்த தண்ணி அளவு குறையாம அப்படியே கீழ போகுது, இஞ்சின்ல ஒரு பங்கு வேலையா மாறிட்டு மிச்ச வெப்பம்தான் கீழ போகுது.

சரி, டப்பாவுக்கு வருவோம். ரேடியேட்டருக்கு போற தண்ணி 85 டிகிரி, கெல்வின்ல 358. வெளிய வெயில்ல காத்து 35 டிகிரி, அதாவது 308. வகுத்து கழிச்சா நூத்துக்கு 14. 120 கிலோவாட்ல 14 பங்குன்னா 17 கிலோவாட் கூட முழுசா வராது. இது கடவுளே வந்து இஞ்சின் செஞ்சாலும் தாண்ட முடியாத உச்சம். நெசத்துல தண்ணி சூட்ட குடுக்க குடுக்க ஆறிட்டே வரும், அதனால உச்சமே இன்னும் கொஞ்சம் கீழ இறங்கும், அப்புறம் மெஷினோட குறைகள் இருக்கு. இந்த மாதிரி கம்மி சூட்ல ஓடுற நல்ல மெஷின்கள் நெஜமாவே இருக்கு, ஆனா உச்சத்துல பாதி எடுத்தாலே பெரிய விஷயம். எட்டு கிலோவாட்னு வெச்சுக்கோங்க, அதுல அதோட பம்ப்பும் ஃபேனும் கொஞ்சம் தின்னுடும். 100 எங்க, எட்டு எங்க.

பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான், டீசல் உள்ள எரியறப்போ 2000 டிகிரிக்கு மேல போகுதே, அப்போ இந்த ஃபார்முலாப்படி ஜெனரேட்டரே நூத்துக்கு 85க்கு மேல தரணும்ல, ஏன் 36 தான் தருது? ஃபார்முலா தர்றது கூரை, தரை இல்ல. அந்த சூடு ஒரு கண நேரம்தான் நிக்குது, காத்து விரிய விரிய இறங்கிடுது, சிலிண்டர் சுவர் உருகாம இருக்க தண்ணிய வெச்சு நாமளே ஆற வெக்கறோம், பிஸ்டன் முழுசா விரிய எடமில்லாம 400, 500 டிகிரில பொகைய வெளிய விடறோம். உராய்வு எல்லாம் இங்கதான் வருது. இந்த குறைகள பொறியாளர் குறைக்கலாம், குறைச்சிட்டும் இருக்காங்க, கப்பல்ல ஓடுற ராட்சச டீசல் இஞ்சின் 50ஐ தொடுது, கேஸ் டர்பைனும் ஸ்டீம் டர்பைனும் சேந்த பவர் பிளாண்ட் 60ஐ தாண்டிடுச்சு. கூரைய மட்டும் யாராலயும் ஒசத்த முடியாது, ஒண்ணு சூடான பக்கத்த ஏத்தணும், இல்ல குளிர்ந்த பக்கத்த இறக்கணும்.

இதெல்லாம் கேட்டுட்டு மொதலாளி கொஞ்ச நேரம் நோட்டீஸயே பாத்துட்டிருந்தார். "அப்போ இந்த படத்துல என்னதான் சார் தப்பு?" குளிர்ச்சி பைப் எங்கன்னு கேட்டேன். சுடுதண்ணி வர போக ரெண்டு பைப்பு இருக்கு, கேபிள் இருக்கு, மிச்ச வெப்பத்த தள்ள ஒரு கூலிங் டவரோ, ஃபேனோ, பச்சத்தண்ணி லைனோ எதுவும் இல்ல. அத காட்டாம வெப்பத்துல கரண்ட் எடுக்கறேன்னு எவன் வந்தாலும் எனக்கு மேற்கொண்டு பாக்க வேண்டியதில்ல.

அவர் அப்பவே அந்த ஆளுக்கு போன போட்டு ஸ்பீக்கர்ல வெச்சார். "ஏம்ப்பா, குளிர்ச்சி பைப்ப காணமே?" அந்த பக்கம் ஒரு செகண்ட் அமைதி. அப்புறம், "அது டப்பா உள்ளயே இருக்குங்க சார், சீல்டு சிஸ்டம்." பையன் சிரிச்சுட்டான். உச்ச கணக்குப்படியே பாத்தாலும் 100 கிலோவாட்டுக்கு மேல வெப்பம் அந்த டப்பாவுக்குள்ளயே தங்கணும், அது நூறு இஸ்திரிப்பெட்டிய ஒரு பீரோவுக்குள்ள போட்டு கதவ சாத்தின மாதிரி. கொஞ்ச நேரத்துல உள்ள இருக்கற குளிர்ந்த பக்கமும் 85 டிகிரிக்கு வந்துடும், ரெண்டு பக்கமும் ஒரே மட்டம், அத்தோட நின்னுடும்.

அட்வான்ஸ் குடுக்கல. அந்த காசுல பாதிகூட ஆகாம ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வாங்கி ரேடியேட்டர் லைன்ல போட்டோம், ஏன்னா வெப்பத்த வெப்பமாவே வாங்கிக்க இந்த சுங்கம் கெடையாது. 120 கிலோவாட்டுன்னா மணிக்கு 2500 லிட்டர் தண்ணிய 30 டிகிரில இருந்து 70 டிகிரிக்கு கொண்டு போயிடும், பாய்லருக்கு போற தண்ணி அந்த சூட்லயே போகுது, வெறக மிச்சம் பிடிக்குது. ஜெனரேட்டர் ஓடற நேரத்துல மட்டும்தான், அது ஒரு குறை. இன்னொண்ணு, தெர்மோஸ்டாட்ட யாரும் கழட்டிடக்கூடாதுன்னு ஆப்பரேட்டர்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டு வந்தேன், நெறைய சூட்ட உருவறோம்னு ரொம்ப ஆறின தண்ணிய இஞ்சினுக்கு திருப்பி விட்டா சிலிண்டர் தேய ஆரம்பிச்சுடும்.