10 மணிக்குக் கிளம்பி 9:55-க்குப் போய்ச் சேரும் ரயில்

கொழிஞ்சாம்பாறையில் இருந்து ஒரு வாசகர் போன வாரம் கேட்ட கேள்வி இது. அவருடைய அக்கா குடும்பம் மலேசியாவில், பினாங்குப் பக்கம் இருக்கிறது. அக்கா மகன் வெள்ளிக்கிழமை தாய்லாந்துக்கு ரயிலில் போகப்போகிறான். "மாமா, எல்லையில் காலை 10 மணிக்கு ரயில் ஏறினால் 9:55-க்கு இறங்கிவிடலாம்" என்று எழுதியிருக்கிறான். "சார், பையன் என்னை ஏமாற்றுகிறானா, இல்லை அட்டவணையில் அச்சுப்பிழையா?" என்பது அவர் கேள்வி. கூடவே ஒரு சின்னக் கவலையும் எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை 10:30-க்கு ராகு காலம் ஆரம்பிக்கிறது. ரயில் அதற்கு முன்னால் போய்ச் சேருகிறதா, பின்னாலா? அக்காவுக்கு அது தெரிய வேண்டுமாம்.

பையன் சொன்னது சரி. ராகு காலத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். பாலக்காடு அதற்கு மேற்கே, ஏறக்குறைய 76.65 பாகையில் இருக்கிறது. அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:23-க்கு. சென்னையில் 12:09. பொள்ளாச்சியில் இருந்து வரும் ரயில் மீனாட்சிபுரத்தில் மாநில எல்லையைத் தாண்டும்போதும் சூரிய நேரம் துளித்துளியாக மாறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் யாரும் கடிகாரத்தைத் தொடுவதில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே நாட்டு நேரம். நாட்டு எல்லை வந்தால்தான் அந்த மாற்றம் மொத்தமாக, ஒரே தாவலில் நடக்கிறது.

மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நடுவில் அந்தத் தாவல் நடக்கும் இடம் பாடாங் பெசார் ஸ்டேஷன். ஸ்டேஷன் மலேசியப் பக்கம் இருக்கிறது. இரண்டு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் அதே ஸ்டேஷனுக்குள் முடிந்துவிடும். அங்கிருந்து தாய்லாந்தின் ஹாட்யாய் நகரம் சுமார் 45 கிலோமீட்டர். சிறிய தாய் ரயில் ஒன்று அந்தத் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கடக்கிறது. கணக்கு எளிதாக இருக்க 55 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தை விட 8 மணி முன்னால், தாய் நேரம் 7 மணி முன்னால். மலேசிய நேரம் 10:00-க்குக் கிளம்பும் ரயில் மலேசிய நேரப்படி 10:55-க்குச் சேருகிறது. ஆனால் ஹாட்யாய் ஸ்டேஷன் கடிகாரம் அப்போது 9:55 காட்டும். பயணம் ஒரு மணியை விடக் குறைவு, கடிகாரம் பின்னால் போவதோ முழுதாக ஒரு மணி. அதனால்தான் கிளம்பியதற்கு முன்பே போய்ச் சேர்ந்த மாதிரி தெரிகிறது.

இந்த அதிசயத்துக்கு வயது ரொம்ப இல்லை. 1982 ஜனவரி 1 வரைக்கும் தீபகற்ப மலேசியாவின் நேரம் ஏழரை மணி முன்னால்தான் இருந்தது. சபா, சரவாக் மாநிலங்களில் ஏற்கெனவே எட்டு மணி. நாடு முழுக்க ஒரே நேரம் வேண்டும் என்று தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளினார்கள். அதற்கு முன் இதே 55 நிமிடப் பயணம் 10:00-க்குக் கிளம்பி 10:25-க்குச் சேர்வதாகத் தெரிந்திருக்கும். ரயில், தண்டவாளம், சூரியன் எதுவும் மாறவில்லை. ஓர் அரசாணையில் அட்டவணை தலைகீழானது.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். திரும்பி வரும் ரயிலைப் பாருங்கள். ஹாட்யாயில் தாய் நேரம் 14:00-க்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். 55 நிமிடம் ஓடி, மலேசிய நேரம் 15:55-க்குச் சேர்கிறது. அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு, போகும்போது "மைனஸ் 5 நிமிடம்", வரும்போது "115 நிமிடம்". இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 110-இல் பாதி 55. உண்மையான பயண நேரம் வந்துவிட்டது. இப்போது 115-இல் இருந்து மைனஸ் 5-ஐக் கழித்துப் பாதியாக்குங்கள்: 120-இல் பாதி 60. நேர மண்டல வித்தியாசம் வந்துவிட்டது!

எந்த நாட்டின் நேரம் என்ன என்று தெரியாமலே, வரைபடம் இல்லாமலே, நான்கு எண்களை வைத்து இரண்டு உண்மைகளைப் பிரித்தெடுத்துவிட்டோம். காரணம் இதுதான். ரயில் ஓடும் நேரம் இரண்டு திசையிலும் கூட்டலாகத்தான் வரும். கடிகார வித்தியாசம் ஒரு திசையில் கூட்டல், மறு திசையில் கழித்தல். கூட்டினால் வித்தியாசம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். கழித்தால் ஓட்ட நேரம் அழிந்துபோகும். கணினிகள் இணையத்தின் வழியாகத் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வதும் இதே வழியில்தான். ஒரு செய்தி போய் வரும் நேரத்தை நான்கு குறிப்புகளாக எழுதிக்கொண்டு இதே கூட்டல் கழித்தலைச் செய்கின்றன. பத்தாம் வகுப்பில் ஒருங்கமை சமன்பாடு நடத்தும்போது ஆப்பிள் விலை, ஆரஞ்சு விலை என்று போகாமல் ஒரு ரயில் அட்டவணையைக் கையில் கொடுக்கலாம் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை.

இந்த முறை எங்கே தடுமாறும் என்பதையும் பார்க்க வேண்டும். கொல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் நடுவில் 2008-இல் தொடங்கி 2024 ஜூலையில் நின்றுபோன மைத்ரீ எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவில் 7:10-க்குக் கிளம்பி டாக்காவுக்கு 16:05. டாக்காவில் 8:15-க்குக் கிளம்பி கொல்கத்தாவுக்கு 16:00 என்று ஓடியது. எல்லாம் அந்தந்த ஊர் நேரம். போக 8 மணி 55 நிமிடம், வர 7 மணி 45 நிமிடம். வித்தியாசம் 70 நிமிடம், பாதி 35. ஆனால் வங்கதேச நேரம் நம்மை விட முன்னால் இருப்பது சரியாக 30 நிமிடம். மீதி 5 நிமிடம் எங்கிருந்து வந்தது? உண்மையில் போகும் ரயிலுக்கு 8 மணி 25 நிமிடம், வரும் ரயிலுக்கு 8 மணி 15 நிமிடம். இரண்டு திசையும் சமம் என்று நாம் எடுத்துக்கொண்டது பத்து நிமிடம் தவறு, அதில் பாதி விடையில் ஒட்டிக்கொண்டது. 2017 நவம்பர் வரை சுங்க, குடிநுழைவுச் சோதனைகள் எல்லையில் கெதே, தர்சனா ஸ்டேஷன்களில் நடந்தன. அங்கே ஒரு திசையில் போகும் ரயிலுக்கு மறு திசை ரயிலை விடச் சோதனை ஒரு மணி நேரம் அதிகம் எடுத்தால் விடை அரை மணி தவறிப்போகும். நல்ல வேளையாக, இன்று நாடுகளின் நேர வித்தியாசம் கால் மணியின் மடங்காகத்தான் இருக்கிறது. 35 வந்தால் 30 என்று பயமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். 37 வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

வித்தியாசமே நிலையாக இருக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. 2009 ஜூன் 19 இரவு வங்கதேசம் மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் கடைசி வரை நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி வித்தியாசம் இருந்தது.

அட்டவணையில் எந்த ஊர் நேரமோ அதுதான் என்று பழகிவிட்டால் காகிதத்தில் குழப்பமில்லை. இப்போது தொல்லை கொடுப்பது கையில் இருக்கும் போன். செல் கோபுரம் போனுக்கு சிக்னலோடு சேர்த்துத் தேதியையும் நேரத்தையும் தன் நாட்டு நேர மண்டலத்தையும் அனுப்பும். போன் "தானியங்கி நேரம்" என்ற அமைப்பில் இருந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். பாடாங் பெசார் மாதிரி எல்லையை ஒட்டிய இடத்தில் எந்த நாட்டுக் கோபுரம் பலமாக எட்டுகிறதோ அதன் நேரம் திரையில் வந்துவிடும். நீங்கள் ஒரு அடி நகர்ந்திருக்கவே வேண்டாம். சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு டீயோடு நிதானமாக உட்கார்ந்திருந்தேன். போனில் மணி 9:20, மலேசியாவுக்குள்ளேயே பட்டர்வொர்த் ஊருக்குப் போகும் என் ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்ற நிம்மதி. ரயில் கண் முன்னால் நகர்ந்து போனது. போன் தாய் நேரம் காட்டிக்கொண்டிருந்தது.

இந்தத் தவறின் இரண்டு பக்கமும் ஒரே விலை அல்ல. போன் முன்னால் ஓடினால் ஒரு மணி நேரம் வீணாகக் காத்திருப்பீர்கள், அவ்வளவுதான். பின்னால் போனால் ரயிலே போய்விடும். மலேசியப் பக்கம் நிற்கும்போது வருவது இந்த இரண்டாவது வகை. கண்டுபிடிக்க எளிய வழி, திரையின் மேலே தெரியும் நெட்வொர்க் பெயர் எந்த நாட்டுடையது என்று பார்ப்பது. இன்னும் நல்லது, எல்லைக்கு முந்தைய ஊரிலேயே தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு, உலகக் கடிகாரத்தில் கோலாலம்பூர், பாங்காக் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது.

அப்புறம் ராகு காலம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஒரு மணி நேரம் நல்லது, அடுத்தது கெட்டது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. அந்தப் பயத்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட்டவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், அதனால் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அக்காவின் கேள்வியை அந்தக் கணக்கின் சொந்த விதியாலேயே பார்க்கலாம். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்து, வெள்ளிக்கிழமைக்கு நான்காவது பங்கு. அது உச்சிப்பொழுதில் முடியும். காலண்டரில் அச்சிடும் 10:30 முதல் 12 வரை என்பது, சூரியன் சரியாக 6 மணிக்கு உதித்து 12 மணிக்கு உச்சிக்கு வரும் ஊருக்கானது. பாடாங் பெசார் சுமார் 100.3 பாகையில் இருக்கிறது. மலேசிய நேரமோ 120 பாகையின் நேரம். 19.7 பாகை, பாகைக்கு 4 நிமிடம்: அங்கே மலேசியக் கடிகாரப்படி உச்சிப்பொழுது சராசரியாக 13:19-க்கு வருகிறது. மாதத்துக்கு மாதம் கால் மணி வரை முன்பின் போகும். தாய் நேரப்படி பார்த்தால் 12:19, ஏறக்குறைய நம் பாலக்காடு மாதிரியே.

அப்படியானால் அந்த ஊரில் வெள்ளிக்கிழமை ராகு காலம் மலேசிய நேரம் 11:49-க்குத்தான் ஆரம்பிக்கும். அக்கா மகன் ஹாட்யாயில் இறங்குவது மலேசிய நேரம் 10:55-க்கு. இன்னும் 54 நிமிடம் மிச்சம் இருக்கும் என்று அக்காவிடம் சொல்லுங்கள்.